இதய நோயோடு ஜிம்முக்கு வருபவர்கள் எந்த நாடிக்கணக்கைப் பின்பற்றுவது?

பைபாஸ், ஸ்டென்ட், சீரற்ற துடிப்பு என்று ஏதோ ஒன்றோடு ஜிம்முக்கு வருபவர்கள் இந்த முறை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். இதய மறுவாழ்வுப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீளமானது. மற்றவர்களும் அதைப் படித்துவிட்டால் தங்களுக்கான பதில் எளிதாகப் புரியும்.

"வணக்கம் சார். எனக்கு 56 வயது. ஐந்து மாதத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மற்ற மாத்திரைகளோடு காலையில் மெட்டோபுரோலால் 50 போடுகிறேன். போன மாதம் டிரெட்மில்லில் நடக்கவைத்து இசிஜி எடுக்கும் டி.எம்.டி. சோதனை செய்து பார்த்துவிட்டு, 'ஜிம்முக்குப் போகலாம், மிதமாகச் செய்யுங்கள்' என்றார் டாக்டர். ஜிம் சுவரில் இருக்கும் அட்டவணை என் வயதுக்கு 115 முதல் 139 வரை என்கிறது. எவ்வளவு வேகமாக நடந்தாலும் எனக்கு 120 தாண்டுவதே கஷ்டம், அதற்குள் மூச்சு வாங்குகிறது. நாடியை வைத்து ஒரு திட்டம் போட்டுத் தர முடியுமா?"

முதலில் அந்த அட்டவணையை மறந்துவிடுங்கள். 220-இலிருந்து வயதைக் கழித்தால் உங்களுக்கு 164 வரும். அதில் 70 சதவீதம் 115, 85 சதவீதம் 139. சுவரில் இருப்பது இந்தக் கணக்குதான். மாத்திரை எதுவும் சாப்பிடாத, ஆரோக்கியமானவர்களின் சராசரி அது. அவர்களிடமே ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடும், குறையும்.

உங்கள் விஷயத்தில் மெட்டோபுரோலாலும் சேர்ந்துகொள்கிறது. இது பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. அட்ரினலின் இதயத்தை முடுக்கிவிடாமல் பிடித்து வைப்பதே இதன் வேலை. அதனால் ஓய்விலும் உழைப்பிலும் நாடி குறைவாகவே இருக்கும். 120-க்கு மேல் ஏறாதது உங்கள் உடம்பின் குறை இல்லை, மாத்திரை சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

நீங்கள் அனுப்பிய டி.எம்.டி. அறிக்கையில் ஓய்வு நாடி 62, உச்ச நாடி 132 என்று இருக்கிறது. கால் சோர்ந்து நிறுத்தியிருக்கிறார்கள். நெஞ்சுவலி இல்லை, இசிஜியில் மாற்றமும் இல்லை. அதாவது முழு மூச்சையும் செலவழித்து நீங்கள் எட்டியதே 132. சுவர் அட்டவணையோ 139 வரை போகச் சொல்கிறது.

இதே அறிக்கையில் நான் இன்னொன்றையும் தேடினேன்: சோதனை அன்று காலை மாத்திரை போட்டீர்களா? அடைப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க டி.எம்.டி. எடுக்கும்போது, பீட்டா பிளாக்கரை முன்கூட்டியே நிறுத்தச் சொல்வது உண்டு. அப்படி எடுத்த உச்ச நாடி, மாத்திரையோடு ஜிம்முக்கு வரும் ஆளுக்குப் பொருந்தாது. நீங்கள் வழக்கம்போல 7.30-க்கு மாத்திரை போட்டு, 10 மணிக்குச் சோதனைக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். ஆக, 132 என்பது உங்களுக்குரிய எண்தான். ஜிம்முக்கும் காலை பத்து மணி வாக்கிலேயே வாருங்கள். சாதாரண மெட்டோபுரோலாலின் பிடி சில மணி நேரத்தில் தளர ஆரம்பிக்கும். ஒரு நாள் காலையிலும் மறுநாள் இரவு எட்டு மணிக்கும் வந்தால், அதே நடைக்கு இரண்டு விதமான நாடி காட்டும்.

இப்போது கணக்கு. பின்லாந்தைச் சேர்ந்த கார்வோனன் 1957-இல் சொன்ன முறை இது. உச்ச நாடியிலிருந்து ஓய்வு நாடியைக் கழிக்க வேண்டும்: 132 − 62 = 70. இந்த 70 துடிப்புதான் உங்களிடம் இருக்கும் இடைவெளி. அதில் 40 சதவீதம் 28. அதை ஓய்வு நாடியோடு கூட்டினால் 90. 60 சதவீதம் 42, கூட்டினால் 104. தொடக்கத்தில் உங்கள் எல்லை 90 முதல் 104. டாக்டர் சொன்ன 'மிதம்' இதற்குள்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டி, சரி என்று வாங்கிக்கொண்ட பிறகே ஆரம்பியுங்கள்.

வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு வாருங்கள். முதல் பத்து நிமிடம் மெதுவான நடை. நாடி 80-களில் இருக்கட்டும். அப்புறம் டிரெட்மில்லில் சாய்வு இல்லாமல் மணிக்கு 4.5 கிலோமீட்டரில் ஆரம்பித்து மூன்று நான்கு நிமிடம் பொறுங்கள். வேகத்தைக் கூட்டிய உடனே நாடி நிலைக்கு வராது, கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அது அடங்குவதற்குள் மறுபடி கூட்டிவிட்டு, பிறகு 115-ஐப் பார்த்துப் பயப்படுவதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது. நாடி நிலைத்து 90-க்குக் கீழே இருந்தால் சாய்வை 1 சதவீதம் கூட்டுங்கள், திரும்பவும் பொறுங்கள். வேகத்தைவிடச் சாய்வைக் கூட்டுவது நல்லது. ஓட வேண்டிய கட்டாயம் வராது, மூட்டுக்கும் இதம்.

முதல் இரண்டு வாரம் இந்த நடை 15 நிமிடம் போதும். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி 30-க்குக் கொண்டு வாருங்கள். அதுவரை நாடி எல்லையை மாற்ற வேண்டாம், நேரத்தை மட்டும் கூட்டுங்கள். 30 நிமிடம் சிரமமில்லாமல் முடிய ஆரம்பித்து ஒரு மாதம் ஆனதும், டாக்டரிடம் கேட்டு மேல் எல்லையை 70 சதவீதத்துக்கு, அதாவது 111-க்கு, உயர்த்தலாம்.

இருபது நிமிடத்துக்கு மேல் போகும்போது, வேகம் மாறாமலே நாடி மெல்ல மேலே ஊர்வதைக் கவனிப்பீர்கள். வியர்வையில் நீர் குறைவதும் உடம்பு சூடாவதும்தான் காரணம். ஏசி இல்லாத ஜிம்மில், ஏப்ரல் மே மாதத்தில், இது இன்னும் அதிகம். 104 தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள். 'அதே வேகத்தை நேற்று செய்தேனே' என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

முடிக்கும்போதும் பத்து நிமிடம் மெதுவாக நடந்தே ஆக வேண்டும். சட்டென்று நின்றால் காலில் விரிந்திருக்கும் ரத்தக்குழாய்களில் ரத்தம் தேங்கி, அழுத்தம் விழுந்து தலைசுற்றும். பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு, அந்த வீழ்ச்சியை ஈடுகட்ட நாடி வேகமாக ஏறாது.

நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ இடது கையிலோ வலி, வழக்கத்தில் இல்லாத மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, மயக்கம் வருவது போன்ற உணர்வு: இதில் எது வந்தாலும் நாடி 92 என்று காட்டினாலும் நிறுத்திவிடுங்கள். டாக்டர் நாக்கடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் உட்கார்ந்துகொண்டு வையுங்கள். நின்றபடி வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி விழ வாய்ப்புண்டு. ஐந்து நிமிடத்தில் வலி போகவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள். மாத்திரை கையில் இல்லையென்றால் அந்த ஐந்து நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். மெட்டோபுரோலால் அளவை மாற்றினாலோ, வேறு மாத்திரைக்கு மாற்றினாலோ இந்த 90, 104 இரண்டும் செல்லாது. அன்றே எனக்கோ உங்கள் பயிற்சியாளருக்கோ சொல்லுங்கள்.

"எனக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. டி.எம்.டி.யில் நாடி 118 வந்தபோது இசிஜியில் மாற்றம் தெரிந்தது, 124-இல் நிறுத்திவிட்டார்கள். மாத்திரையிலேயே பார்க்கலாம் என்கிறார் டாக்டர். எனக்கு வலியே வரவில்லை. வலி வரும்வரை செய்யலாமா?"

கூடாது அம்மா. சர்க்கரை உள்ளவர்களுக்கு இதயத் தசைக்கு ரத்தம் பற்றாமல் போகும்போதும் வலி தெரியாமல் இருப்பது உண்டு. உங்களுக்கு எச்சரிக்கை கொடுத்தது இசிஜிதான். ஜிம்மில் அது இருக்காது. மாற்றம் தெரிந்த நாடிக்குப் பத்து கீழே நிற்பது வழக்கம். உங்களுக்கு 108 என்பது தொடக்கூடாத கோடு. உங்கள் ஓய்வு நாடி 66-ஐ வைத்து மேலே சொன்ன கணக்கைப் போட்டால் 89 முதல் 101 வருகிறது. கோட்டுக்கு நன்றாகவே கீழே இருக்கிறது, அதில் இருங்கள். ஆரம்ப நடையை மட்டும் 15 நிமிடமாக்குங்கள். எடுத்தவுடன் வேகம் பிடித்தால் குறைந்த உழைப்பிலேயே பற்றாக்குறை வரலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் சர்க்கரை அளவைப் பாருங்கள். நீங்கள் பீட்டா பிளாக்கரும் சாப்பிட்டால், சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பு தெரியாமல் போகலாம்.

"எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற துடிப்பு இருக்கிறது. வாட்ச் ஒரு நிமிடம் 88, அடுத்த நிமிடம் 131 என்கிறது. எதை நம்புவது?"

உங்களுக்கு நாடியை வைத்துத் திட்டம் போட வேண்டாம் என்பதே என் கருத்து. துடிப்பு சீராக இல்லாதபோது பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்கினால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும். எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால் முழு 60 நொடியும் எண்ணுங்கள். சில துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேராது என்பதால் அதுவும் உண்மையைவிடக் குறைவாக இருக்கலாம்.

உழைப்பின் கனத்தைக் கொண்டு அளவிடுங்கள். சுவீடனைச் சேர்ந்த போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான அளவுகோலில் 11 என்றால் இலேசு, 13 என்றால் கொஞ்சம் கடினம். அந்த இரண்டுக்கும் நடுவில் இருங்கள். பக்கத்தில் நடப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. ஓய்விலேயே 110-க்கு மேல் இருக்கும் நாளில் ஜிம்முக்கு வராமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

"டிரெட்மில் கைப்பிடி, வாட்ச், விரலால் எண்ணுவது: எது சரி?"

மார்பில் கட்டும் பட்டைதான் என் தேர்வு. அது இதயத்தின் மின் துடிப்பை நேரடியாக எடுக்கிறது. வாட்ச் தோலுக்கடியில் ரத்தம் ஓடுவதை ஒளியால் பார்க்கிறது. வாட்சின் பட்டை தளர்ந்திருந்தால், சில நேரம் நாடிக்குப் பதிலாக உங்கள் காலடியின் தாளத்தையே எண்ணிவிடும். வேகமாக நடக்கும்போது 120-ஐ ஒட்டி அசையாமல் நிற்கும் எண்ணைச் சந்தேகப்படுங்கள். கைப்பிடியைப் பிடித்து நடந்தால் உழைப்பே குறைந்துவிடும், அதனால் அது வேண்டாம்.

விரலால் என்றால் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், இரண்டு விரல் வைத்து எண்ணுங்கள். கழுத்தில் அழுத்தினால் சிலருக்கு நாடி இறங்கி மயக்கம் வரும். நின்ற உடனே பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்குங்கள். முதல் கடிதக்காரருக்கு அது 15 முதல் 17 துடிப்பு.

"நான் பயிற்சியாளர். ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி கருவியை உடம்பில் வைத்த ஒருவர் சேர வந்திருக்கிறார். டி.எம்.டி. எதுவும் இல்லை. சேர்த்துக்கொள்ளலாமா?"

இதய மருத்துவரின் கடிதம் வரும்வரை சேர்க்காதீர்கள். அந்தக் கடிதத்தில் ஓர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்: எந்த நாடிக்கு மேல் போனால் கருவி அதை ஆபத்தான துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள்? அதற்கு 10 துடிப்பாவது கீழேதான் அவருடைய மேல் எல்லை. தாண்டினால், ஓடும் டிரெட்மில்லில் நிற்கும்போதே கருவி ஷாக் கொடுக்கக்கூடும். டி.எம்.டி. கிடைக்கும்வரை, டாக்டரின் சம்மதத்தோடு, ஓய்வு நாடிக்கு மேல் 20 துடிப்புக்குள், போர்க் அளவில் 11-ஐ ஒட்டி நடக்க வையுங்கள். எடை தூக்குவதைப் பிறகு பார்க்கலாம். அதற்கும் மூச்சைப் பிடிக்காமல் 10 முதல் 15 முறை தூக்கக்கூடிய இலேசான எடைதான் வேண்டும். கருவி வைத்த பக்கத்துத் தோளை எவ்வளவு தூக்கலாம் என்பதையும் அதே கடிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.