பெடல் ஹார்ப்: ஏழு மிதிகளும் நாற்பத்தேழு தந்திகளும் – கேள்வி பதில்

கீபோர்டு பயிலும் மாணவர்: பெடலை மிதித்தால் தந்தி இறுகுகிறது, அதனால் சுருதி ஏறுகிறது. நான் புரிந்துகொண்டது சரிதானே?

சுருதி ஏறுவது சரி, தம்பி. ஆனால் தந்தி இறுகி ஏறவில்லை, குறுகி ஏறுகிறது. ஹார்ப்பின் கழுத்தில், ஒவ்வொரு தந்தியின் மேல் முனைக்கும் சற்றுக் கீழே, ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு பித்தளை வட்டுகள் இருக்கும். ஒவ்வொரு வட்டிலும் இரண்டு சிறு முளைகள் துருத்திக்கொண்டிருக்கும். அந்த முளைகளுக்கு இடையே தந்தி எதையும் தொடாமல் இறங்கும்.

பெடல் மேலே இருக்கும்போது இரண்டு வட்டும் சும்மா நிற்கும். முழு நீளமும் அதிரும். இது பிளாட் நிலை. பெடலை நடு வெட்டில் மாட்டினால் மேல் வட்டு திரும்பி, இரு முளைகளும் தந்தியை இரு பக்கமிருந்தும் கவ்விப் பிடிக்கும். வீணையில் மெட்டின் மேல் விரல் வைப்பதற்குச் சமம் இது. சுருதி ஓர் அரைச்சுரம் ஏறி நேச்சுரல் ஆகும். அதே அசைவில் கீழ் வட்டும் பாதி திரும்பியிருக்கும், ஆனால் தந்தியைத் தொட்டிருக்காது. பெடல் அடி வெட்டுக்கு இறங்கும்போதுதான் அது கவ்வும். மொத்தத்தில் ஒரு முழுச்சுரம் ஏறி ஷார்ப் ஆகிவிடும்.

ஒரு மீட்டர் நீளமுள்ள தந்தியில் ஓர் அரைச்சுரம் ஏற சுமார் 56 மில்லிமீட்டர் குறைய வேண்டும். பத்து சென்டிமீட்டர் தந்திக்கு ஐந்தரை மில்லிமீட்டர் போதும். அதனால்தான் கீழ்ச்சுரப் பக்கம் இரண்டு வட்டுகளும் தள்ளித் தள்ளி நிற்கின்றன, உச்சத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அடுத்த முறை ஹார்ப்பைப் பக்கத்தில் பார்க்க வாய்த்தால் கழுத்தைக் கவனியுங்கள். அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே போவது அவ்வளவு அழகு.

ஒரு பொறியாளர்: ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு சுரம். பெடல் மட்டும் ஏன் ஏழு? ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் தனித் தந்தி வைத்தால் பெடலே தேவைப்படாதே.

ஒரு பெடல் ஒரு தந்திக்கு உரியதன்று, சி, டி என்பதுபோல் சுரத்தின் பெயரான ஓர் எழுத்துக்கு உரியது. சி பெடலை அசைத்தால் எல்லா ஸ்தாயியிலும் உள்ள சி தந்திகள் சேர்ந்தே மாறும். விதிவிலக்கு, கச்சேரி ஹார்ப்பின் அடியிலுள்ள சி, டி ஆகிய இரண்டு தந்திகள். அவற்றுக்கு வழக்கமாக வட்டு கிடையாது, கையால்தான் சுருதி சேர்க்க வேண்டும். முன்பக்கத் தூண் உள்ளே வெற்றுக் குழாய். அதற்குள் ஏழு கம்பிகள் ஏறிப்போய், கழுத்தின் பித்தளைத் தகடுகளுக்கு நடுவே உள்ள இணைப்புகளை இழுக்கின்றன. இடது காலுக்கு டி, சி, பி. வலது காலுக்கு இ, எஃப், ஜி, ஏ. இந்த வரிசை கால் தானாகத் தேடிப் போகிற அளவுக்கு ஊற வேண்டும்.

நீங்கள் சொன்ன வழியையும் செய்து பார்த்திருக்கிறார்கள். பாரிஸின் பிளேயல் நிறுவனம் இரண்டு வரிசைத் தந்திகள் குறுக்காக வெட்டிப்போகும் குரோமாட்டிக் ஹார்ப்பைச் செய்தது. அதற்காகக் கேட்டு வாங்கிய படைப்புதான் 1904இல் டெபுஸ்ஸி எழுதிய இரண்டு நடனங்கள். மறு ஆண்டே பெடல் ஹார்ப்பின் திறனைக் காட்ட எரார் நிறுவனம் ராவெலிடம் ஒன்றை எழுதி வாங்கியது. இன்று டெபுஸ்ஸியின் அந்த நடனங்களையும் பெரும்பாலும் பெடல் ஹார்ப்பில்தான் வாசிக்கிறோம். தந்திகளை மேலும் கீழும் அள்ளித் தடவும் அந்த வீச்சை ஒரே வரிசைத் தந்திகளில் செய்வதுபோல் குறுக்கு வரிசையில் செய்ய முடியாது.

இசைக்குழுவுக்கு எழுதும் இளைஞர்: சி மேஜரிலிருந்து ஏ பிளாட் மேஜருக்குப் போகிறேன். ஹார்ப்புக்கு ஒரே ஒரு பார் இடைவெளி. போதுமா?

தாராளமாகப் போதும். எண்ணிக்கையை விட எந்தக் கால், எந்த வரிசை என்பதுதான் முக்கியம். மாற வேண்டியவை பி, இ, ஏ, டி ஆகிய நான்கும் நேச்சுரலிலிருந்து பிளாட்டுக்கு. டியும் பியும் இடது, இயும் ஏயும் வலது. ஒரு காலுக்கு இரண்டு என்று சரியாகப் பிரிந்துவிட்டன. இரு கால்களும் ஒரே நேரத்தில் அசையலாம் என்பதால் நான்கு மாற்றமும் இரண்டே அசைவில் முடியும்.

ஆனால் முதலில் எதை மாற்றுவது? உங்கள் பழைய பார் சி, இ, ஜி என்ற கார்டில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தந்திகள் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். அப்போது இ பெடலைத் தொட்டால் ஒலிக்கிற இ அப்படியே வழுக்கிக்கொண்டு இ பிளாட்டாக இறங்கும், கூடவே முளை உரசி ஒரு 'ஸ்ஸ்' சத்தமும் வரும். அதனால் முதல் அசைவில் கார்டில் இல்லாத டியையும் ஏயையும் மாற்றுவேன். உள்ளங்கையால் தந்திகளை அடக்கிவிட்டு, கடைசித் தட்டில் பியையும் இயையும் மாற்றுவேன். நீங்கள் இசைக்குறிப்பில் எழுதும்போது இரண்டு எழுத்துகளை மேலும் கீழுமாகப் போடுங்கள். மேலே வலது கால், கீழே இடது கால்.

இன்னொன்று. இசைக்குழு பி மேஜரில் இருந்தால் ஹார்ப்புக்கு மட்டும் சி பிளாட் மேஜரில் எழுதுங்கள். கேட்பவர் காதுக்கு ஒரே சுரங்கள்தான். ஆனால் எல்லா பெடலும் மேலே, எல்லாத் தந்தியும் முழு நீளத்தில் திறந்து ஒலிக்கும். அந்த நிறைவை ஷார்ப் நிலையில் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அதே இளைஞர்: சி, சி ஷார்ப் இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும் என்றால்?

சி தந்தியை நேச்சுரலில் விட்டு, டியைப் பிளாட்டாக்குங்கள். அது சி ஷார்ப்பாக ஒலிக்கும். விலை என்னவென்றால், டி நேச்சுரல் அந்த நேரத்துக்குக் கிடைக்காது. டி, ஜி, ஏ ஆகிய மூன்று நேச்சுரல்களுக்கும் வேறு தந்தியில் மாற்றே இல்லை. மற்ற ஒன்பது சுரங்களுக்கும் இரண்டு முகவரி உண்டு.

இந்த இரட்டை முகவரிதான் ஹார்ப்பின் பெரும் பலம். டி நேச்சுரல், சி பிளாட், பி நேச்சுரல், இ ஷார்ப், எஃப் நேச்சுரல், ஜி ஷார்ப், ஏ பிளாட் என்று பெடல்களை வைத்துப் பாருங்கள். சி பிளாட்டும் பியும் ஒன்று, இ ஷார்ப்பும் எஃப்பும் ஒன்று, ஜி ஷார்ப்பும் ஏ பிளாட்டும் ஒன்று. டி மட்டும் தனி. ஏழு தந்தியில் நான்கே சுரம். இனி கண்ணை மூடிக்கொண்டு முழு ஹார்ப்பையும் தடவினாலும் டிமினிஷ்ட் ஏழாம் கார்டைத் தவிர வேறொரு சுரம் வராது.

வீணை வாசிக்கும் அம்மையார்: மாயாமாளவகௌளை வரும் என்று தெரிகிறது. கனகாங்கி? சுத்த ரிஷபமும் சுத்த காந்தாரமும் அடுத்தடுத்து வந்தால் உங்கள் பெடல் என்ன செய்யும்?

நல்ல கேள்வி அம்மா, உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஸட்ஜத்தை சியில் வைத்தால் மாயாமாளவகௌளைக்கு டியையும் ஏயையும் பிளாட்டாக்கினால் போதும். கனகாங்கி அங்கே வராது. சுத்த காந்தாரத்துக்கு இ தந்தி பிளாட்டுக்கும் ஓர் அரைச்சுரம் கீழே போக வேண்டும், சுத்த நிஷாதத்துக்கு பி தந்தியும் அப்படியே. பெடல் அதற்கு மேல் ஏறாது.

ஸட்ஜத்தை இ தந்திக்கு மாற்றிப் பாருங்கள். இ ஸட்ஜம், எஃப் சுத்த ரிஷபம், ஜி பிளாட் சுத்த காந்தாரம், ஏ மத்தியமம், பி பஞ்சமம், சி சுத்த தைவதம், டி பிளாட் சுத்த நிஷாதம். எல்லா பெடலும் நடுவில், ஜியும் டியும் மட்டும் மேலே. முழு மேளமும் கையில் வந்துவிட்டது.

அதே அம்மையார்: பாடுபவரின் சுருதி சி என்றால்?

அப்போது இ, பி தந்திகளையெல்லாம் சாவியால் ஓர் அரைச்சுரம் இறக்கிக் கட்ட வேண்டும். செய்யலாம். ஆனால் அந்த இரு பெடலின் மூன்று நிலைகளும் ஒரு படி கீழே போய்விடும். அடுத்த உருப்படிக்கு வேறு ராகம் என்றால் மறுபடி கட்ட வேண்டும். கமகத்தைப் பொறுத்தவரை, பெடலால் ஓர் அரைச்சுர வழுக்கலைக் காட்டலாம், வீணையின் இழுப்பு அதில் வராது. அதை வந்துவிட்டதாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

லீவர் ஹார்ப் வைத்திருப்பவர்: என் ஹார்ப்பில் 36 தந்தி, ஒவ்வொன்றுக்கும் கையால் தூக்கும் லீவர். இ பிளாட்டில் சுருதி சேர்த்திருக்கிறேன். டி பிளாட் மேஜருக்கு எந்த லீவரைத் தூக்க வேண்டும்?

எதைத் தூக்கினாலும் வராது. லீவர் ஓர் அரைச்சுரம்தான் ஏற்றும். டி பிளாட்டுக்கு உங்கள் டியும் ஜியும் இறங்க வேண்டும், அவை ஏற்கெனவே அடிநிலையில் இருக்கின்றன. இ பிளாட்டிலிருந்து இ வரை எட்டு மேஜர்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும். 18ஆம் நூற்றாண்டின் ஒற்றை அசைவுப் பெடல் ஹார்ப்புக்கும் இதே எல்லைதான். அதை உடைக்கத்தான் செபாஸ்டியன் எரார் இரண்டாவது வட்டைச் சேர்த்து 1810இல் லண்டனில் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு எழுத்தும் மூன்று நிலை பெற்றதும் எல்லா மேஜரும் திறந்துகொண்டன.

ஒரு பெற்றோர்: மகளின் ஹார்ப்பில் ஒரு தந்தி 'கிர்ர்' என்கிறது. வட்டை நானே சற்றுத் திருப்பிவிடலாமா?

தயவுசெய்து கை வைக்காதீர்கள். முதலில் அந்தத் தந்தியை மூன்று நிலையிலும் மீட்டிக் கேளுங்கள். நேச்சுரலில் மட்டும் கிர்ரென்றால் மேல் வட்டு சரியாகக் கவ்வவில்லை. ஷார்ப்பில் மட்டும் என்றால் கீழ் வட்டு. பிளாட்டிலும் கேட்டால் பெரும்பாலும் வட்டுக்குச் சம்பந்தமில்லை, முடிச்சின் வால் உள்ளே பலகையில் படுகிறதா என்று பாருங்கள். அண்மையில் தந்தி மாற்றியிருந்தால் அதே பருமன்தானா என்றும் பாருங்கள், மெல்லிய தந்தியை முளை பிடிக்காது.

ஒரே எழுத்துடைய தந்திகள் எல்லா ஸ்தாயியிலும் சேர்ந்து கெட்டால் அது பெடலின் கோளாறு. எனக்கு ஒரு ஒத்திகையில் எஃப் நேச்சுரல் எல்லாமே சற்றுத் தாழ்ந்து ஒலித்தன. தந்திகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து அரை மணி நேரம் வீணாக்கினேன். பிறகு குனிந்து பார்த்தால் எஃப் பெடலைச் சுற்றியிருந்த கம்பளித் துணி தேய்ந்து பாதியாகியிருந்தது. பெடல் நடு வெட்டில் கொஞ்சம் மேலேறி நின்றதால் வட்டு முழுதாகத் திரும்பவில்லை.

பியானோ சுருதி சேர்ப்பவர்: குறுக்கிடுகிறேன். எல்லா பெடலையும் நடுவில் வைத்து சுருதி சேர்த்தால் அதிகம் பயன்படும் வரிசை சுத்தமாக இருக்குமே?

அப்படிச் செய்பவர்களும் உண்டு ஐயா, நல்ல வாசிப்பாளர்களே. அதில் நியாயமும் இருக்கிறது. நான் எல்லாவற்றையும் மேலே விட்டு சி பிளாட்டில்தான் சேர்ப்பேன். அப்போது தந்தி எந்த வட்டையும் தொடுவதில்லை, எனவே வட்டின் பிழை சுருதிக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. பிளாட்டில் சரியாக இருந்து நேச்சுரலில் ஒன்று மட்டும் விலகினால், எந்த வட்டைக் காட்ட வேண்டும் என்று பழுதுபார்ப்பவர் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பெற்றோரும் இதே நிலையில் சுருதி சேர்த்துவிட்டு, ஒவ்வொரு தந்தியையும் மூன்று நிலையிலும் கேட்டு, விலகுபவற்றை ஒரு தாளில் குறித்துவைத்தால் பழுதுபார்ப்பவருக்கு அதுவே போதும்.