லாம்ப்டா பிளேக்கின் நடுவில் ஏன் மங்கல்?

கேள்வி: எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி படிக்கிறேன். ஈ. கோலை தட்டில் டி4 பேஜ் போட்டால் கண்ணாடி மாதிரி தெளிவான பிளேக்குகள் வருகின்றன. லாம்ப்டா போட்டால் ஒவ்வொரு பிளேக்கின் நடுவிலும் பால் தெளித்த மாதிரி மங்கல். கலப்படமா, இல்லை எதிர்ப்பு வந்த பாக்டீரியாவா? டைட்டர் எண்ணும்போது இவற்றைச் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாகச் சேர்த்து எண்ணுங்கள். தெளிவோ மங்கலோ, ஒரு பிளேக் என்றால் ஒரு பேஜில் தொடங்கியது என்றுதான் கணக்கு. எல்லாப் பிளேக்கிலும் ஒரே மாதிரி நடுவில் மட்டும் மங்கல் இருந்தால் கலப்படத்துக்கு வாய்ப்பு குறைவு. கலப்படம் வட்டத்தின் மையம் பார்த்து வளராது. தட்டில் கண்ட இடத்தில் வளரும். அங்கே இருப்பவை பெரும்பாலும் லைசோஜென்கள், அதாவது லாம்ப்டாவின் டிஎன்ஏ-வைத் தன் குரோமோசோமிலேயே சேர்த்துக்கொண்டு உயிரோடு இருக்கும் ஈ. கோலை செல்கள்.

டி4-க்கு இந்த வழியே கிடையாது. உள்ளே போன சில நிமிடங்களில் செல்லின் சொந்த டிஎன்ஏ-வை வெட்டித் துண்டாக்கி, அந்தத் துண்டுகளையே தன் டிஎன்ஏ கட்டப் பயன்படுத்திக்கொள்ளும். 37 டிகிரியில் அரை மணி நேரத்துக்குள் செல் வெடித்து நூறு, நூற்றைம்பது பேஜ்கள் வெளியே வரும். செல்லின் பக்கம் நின்று பார்த்தால், டி4 நுழைந்த நொடியிலேயே கதை முடிந்துவிட்டது. இதுதான் லைட்டிக் சுழற்சி. பிளேக் தெளிவாக இருப்பதன் காரணமும் இதுதான், உள்ளே மிஞ்ச யாரும் இல்லை.

லாம்ப்டா நுழைந்ததும் அதன் நீள டிஎன்ஏ முனைகள் ஒட்டி வளையமாகிவிடும். அதன் பிறகு இரண்டு வழி. ஒன்று, டி4 போலவே பெருகி, ஒரு மணி நேரத்துக்குள் செல் சுவரை உடைத்து வெளியேறுவது. மற்றொன்று, ஈ. கோலையின் கேல், பயோ மரபணுக்களுக்கு நடுவில் உள்ள ஓர் இடத்தில் நுழைந்து, ப்ரோபேஜாக அடங்கி இருப்பது. எந்த வழி என்பதில் சிஐஐ என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நன்றாகச் சாப்பிட்டு வேகமாகப் பெருகும் செல்லில், செல்லின் சொந்த நொதி ஒன்று சிஐஐ-யை உடைத்துக்கொண்டே இருக்கும். லாம்ப்டா லைட்டிக் வழியில் போகும். செல் பட்டினி கிடந்தாலோ, ஒரே செல்லுக்குள் பல லாம்ப்டாக்கள் ஒன்றாக நுழைந்தாலோ சிஐஐ தேங்கி நிற்கும். அது சிஐ என்ற ரெப்ரஸரின் உற்பத்தியைத் தொடங்கிவைக்கும். ரெப்ரஸர் லைட்டிக் மரபணுக்களைப் பூட்டிவிடும்.

இதை உங்கள் தட்டில் பொருத்திப் பாருங்கள். இளம் பிளேக்கில் செல்களும் உணவும் ஏராளம், பேஜ் குறைவு, வெடிப்புதான் அதிகம். நேரம் போகப் போக, நடுவில் பேஜ் எண்ணிக்கை செல் எண்ணிக்கையைத் தாண்டிவிடும், உணவும் குறையும். அங்கே லைசோஜென் ஆகும் செல்கள் கூடும். ஒரு செல் லைசோஜென் ஆகிவிட்டால் சுற்றிலும் லாம்ப்டா மிதந்தாலும் அதற்குக் கவலை இல்லை: புதிதாக நுழையும் லாம்ப்டாவையும் உள்ளே இருக்கும் சிஐ ரெப்ரஸரே பூட்டிவிடும். ஆகவே அது நிம்மதியாகப் பெருகும், வட்டத்தின் நடு மங்கும். செல்லுக்கு ஆகும் செலவு, தன் 46 லட்சம் எழுத்துகளோடு லாம்ப்டாவின் 48,502 எழுத்துகளையும் ஒவ்வொரு பிரிவிலும் நகலெடுப்பது. ஏறக்குறைய ஒரு சதவீதம்தான்.

சரி, எதிர்ப்பு வந்த செல் இல்லை என்று எப்படி உறுதி செய்வது? லாம்ப்டா ஒட்டும் லாம்-பி என்ற வெளிச்சவ்வுப் புரதத்தை இழந்த செல்லும் லாம்ப்டாவுக்குச் சாகாது. வெறும் லாம்ப்டாவை வைத்துச் சோதித்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். அதனால் மங்கலின் நடுவில் ஊசியால் தொட்டு, தட்டில் கீறி, தனிக் காலனி எடுத்து, மறுபடியும் ஒருமுறை கீறிச் சுத்தம் செய்யுங்கள். ஒட்டிக்கொண்டு வந்த பேஜ் அப்போதுதான் போகும். அந்தக் காலனியிலிருந்து வளர்த்த செல்களை மென் அகாரில் விரித்து, ஒரு பக்கம் சாதாரண லாம்ப்டாவும் மறுபக்கம் லாம்ப்டா விர் என்ற மாற்றுருவும் சொட்டு வையுங்கள். விர்-இல் ரெப்ரஸர் உட்காரும் டிஎன்ஏ இடங்களே மாறிப்போயிருக்கின்றன. பூட்டு அதன் மேல் வேலை செய்யாது. சாதாரண லாம்ப்டாவுக்குத் தப்பி, விர்-க்குச் செத்தால் லைசோஜென். இரண்டுக்குமே தப்பினால் பெரும்பாலும் லாம்-பி போன செல். விர்-க்குப் பதிலாகச் சிஐ மரபணு கெட்ட, தெளிவான பிளேக் தரும் மாற்றுருவை எடுத்துவிடாதீர்கள். லைசோஜெனில் ஏற்கெனவே இருக்கும் ரெப்ரஸர் அதையும் பூட்டிவிடும்.

லைசோஜென் என்று தெரிந்தபின் ஒருமுறை அதைத் தட்டி எழுப்பிப் பார்ப்பது நல்லது. ஆப்டிகல் டென்சிட்டி 0.4 வரை வளர்த்து, மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் மைட்டோமைசின் சி சேர்த்து (கையுறை கட்டாயம், அது செல்லின் டிஎன்ஏ-வைப் பிணைக்கும் விஷம்) 37 டிகிரியில் ஆட்டிக்கொண்டே இருங்கள். கலங்கல் கொஞ்ச நேரம் ஏறி, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் குறைந்து தெளியத் தொடங்க வேண்டும். டிஎன்ஏ அடிபட்டதும் செல்லின் ரெக்-ஏ புரதம் விழித்துக்கொள்ளும்; அதன் தூண்டுதலில் சிஐ தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். பூட்டு போய்விட்டது, ப்ரோபேஜ் குரோமோசோமை விட்டுக் கிளம்பி லைட்டிக் வழியைப் பிடிக்கும். 1950-இல் ஆந்த்ரே லுவோஃப் குழுவினர் பாரிசில் வேறொரு பாக்டீரியத்தின் மேல் புற ஊதாக் கதிர் பாய்ச்சிப் பார்த்ததும் இதே தெளிவைத்தான்.

இங்கே நான் ஒருமுறை மூன்று நாள் வீணடித்திருக்கிறேன். கலங்கல் குறையவே இல்லை, மைட்டோமைசின் பழசு என்று நினைத்து மறுபடி மறுபடி செய்தேன். அப்புறம்தான் கவனித்தேன், நான் எடுத்திருந்தது டிஎச்5 ஆல்ஃபா. அதில் ரெக்-ஏ கெட்டிருக்கும்; சிஐ-யை வெட்டத் தூண்ட ஆளே இல்லை. குளோனிங்குக்கு வைத்திருக்கும் ஈ. கோலையை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். எம்ஜி1655 போன்ற, ரெக்-ஏ சரியாக உள்ள, லாம்ப்டா இல்லாத வகை வேண்டும். “லாம்ப்டா இல்லாத” என்பதையும் சரிபாருங்கள்: கே-12-இன் மூல வகையே ஒரு லைசோஜென்தான். எஸ்தர் லெடர்பர்க் லாம்ப்டாவைக் கண்டுபிடித்ததே அதில்தான்.

ஆராய்ச்சித் தட்டில் இது வேடிக்கை, நோயாளியின் குடலில் அப்படி இல்லை. ஓ157 வகை ஈ. கோலையின் ஷிகா நச்சு மரபணு, லாம்ப்டாவின் உறவுக்காரப் பேஜில்தான் இருக்கிறது, அதுவும் லைட்டிக் வழியில் கடைசியாக இயங்கும் பகுதியில். ப்ரோபேஜ் தூங்கும்வரை நச்சு சொற்பம். டிஎன்ஏ-வைத் தாக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்து அதை எழுப்பினால் நச்சும் கூடும், செல் வெடித்து அது வெளியேயும் வரும். இந்த நோய்க்கு ஆன்டிபயாடிக் கொடுக்க மருத்துவர்கள் தயங்குவதற்கு இது ஒரு காரணம்.

கடைசியாக, உங்கள் லைசோஜென் குப்பியைச் சாதாரண ஈ. கோலை குப்பிகளோடு ஒரே ரேக்கில் வைக்காதீர்கள். எழுப்பாமலே அவ்வப்போது ஒரு செல் தானாக வெடித்துக்கொண்டிருக்கும். அந்தத் திரவத்தில் எப்போதும் உயிருள்ள லாம்ப்டா இருக்கும்.