சும்மா கிடக்கும் போர்ட்டுக்கும் கூலி கொடுக்கணுமா?

கேள்வி: உப்புவெளியில் சின்ன விடுதி நடத்துகிறேன். 24 போர்ட் மேனேஜ்டு சுவிட்ச் வாங்கினேன், 12 போர்ட்தான் பாவனையில் இருக்கிறது. வயரிங் செய்த தம்பி, "வீலான் 1இலிருந்து எல்லாத்தையும் மாத்தணும், வெறும் போர்ட்டையும் பூட்டணும்" என்று தனிக் கூலி கேட்கிறார். எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? — விடுதிக்காரர், திருகோணமலை

பதில்: கொடுங்கள். ஆனால் வேலையைச் சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் தனித்தனி வலையமைப்புகள்தான் வீலான்கள். பெட்டியைப் பிரித்த சுவிட்சில் எல்லாப் போர்ட்டும் வீலான் 1இல்தான் இருக்கும். பெரும்பாலான மாதிரிகளில் சுவிட்சின் நிர்வாகப் பக்கமும் அங்கேயே திறக்கும். உங்கள் பில் கணினியும் கேமரா ரெக்கார்டரும் அதிலேயே ஓடினால், காலி அறைச் சுவரில் உள்ள சாக்கெட்டில் விருந்தாளி ஒருவர் லேப்டாப்பைச் செருகினாலே போதும். ரெக்கார்டரின் லாகின் பக்கத்தை அவர் தேடித் திறந்துவிடலாம். மாற்றாமல் மறந்துபோன போர்ட் எப்போதும் வீலான் 1இல்தான் கிடக்கும் என்பதால், அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது. அந்த வீலானை அழிக்கவும் முடியாது, காலியாகத்தான் வைக்கலாம். பில் கணினிக்கு 10, கேமராவுக்கு 20, விருந்தாளி வைஃபைக்கு 30, நிர்வாகத்துக்கு 40 என்று பிரிக்கலாம். எண் எதுவானாலும் சரி.

வெறும் போர்ட்டுகளை 999 போல ஒரு முட்டுச்சந்து வீலானில் போட வேண்டும். அதற்கு ஐபி முகவரியும் இருக்காது, செருகியவருக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபியும் இருக்காது. வேறு சுவிட்ச் இருந்தால், பல வீலான்களைச் சேர்த்து அங்கே கொண்டுபோகும் டிரங்க் இணைப்பு வழியாகவும் அதை விடக் கூடாது. சிஸ்கோ வகையில் இப்படி வரும் (போர்ட் பெயர் மாதிரிக்கு மாதிரி மாறும்):

```
vlan 999
 name PARKING
interface range gi1/0/13 - 24
 switchport mode access
 switchport access vlan 999
 shutdown
```

`shutdown` இருக்கும்போது 999 எதற்கு என்பீர்கள். பிறகு ஒருநாள் யாராவது அவசரத்தில் போர்ட்டைத் திறந்துவிட்டாலும், செருகியவர் எங்கும் போக முடியாது. `shutdown` இல்லாமல் 999 மட்டும் போட்டால், அதிலே செருகிய இரண்டு லேப்டாப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஆகவே இரண்டும் வேண்டும்.

கூலி கொடுக்குமுன், 18ஆம் போர்ட்டில் லேப்டாப்பைச் செருகுங்கள். விளக்கு எரியக் கூடாது. அந்த ஒரு போர்ட்டை மட்டும் `no shutdown` கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். இப்போது விளக்கு எரியும், ஆனால் யாரும் முகவரி தராதபோது லேப்டாப் தானே போட்டுக்கொள்ளும், 169.254 என்று தொடங்கும் முகவரிதான் வர வேண்டும். 192.168 என்று வந்தால் வேலை முடியவில்லை. பார்த்ததும் திரும்ப மூடச் சொல்லுங்கள். `show vlan brief` அடித்தால் 1இன் எதிரே ஒரு போர்ட்டும் இருக்கக் கூடாது. கடைசியாக `write memory` அடித்தாரா என்று கேளுங்கள். அடிக்காவிட்டால் அடுத்த முறை கரண்ட் போய் வரும்போது சுவிட்ச் பழைய நிலைக்குப் போய்விடும்.

மாடிக்கு இன்னொரு சுவிட்ச் வாங்கும் எண்ணம் இருந்தால், நிர்வாக வீலானை 1இலிருந்து மாற்ற முடியுமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். சில மலிவான மாதிரிகளில் அது முடியாது.

இந்த ஏற்பாடு வெறும் போர்ட்டுக்கு மட்டும்தான். யாராவது கேமராவின் கேபிளைக் கழற்றி அதில் லேப்டாப்பைச் செருகினால் தடுக்காது. அதற்குப் போர்ட் செக்யூரிட்டி என்ற தனி அமைப்பு உண்டு. வெளிச்சுவரில் கை எட்டும் கேமராக்களுக்காவது அதையும் போடச் சொல்லுங்கள்.