தாய்லாந்து திருமணச் சான்றிதழில் ஆண்டு 2566

“மனைவியின் விசாவுக்காகத் தாய்லாந்து மொழியில் உள்ள திருமணச் சான்றிதழைப் படம் எடுத்து மொழிபெயர்த்தோம். ஆண்டு 2566 என்று வருகிறது. எழுத்துப் பிழையா?”

பிழை இல்லை, அது புத்த ஆண்டு. 543ஐக் கழித்தால் 2023. மொழிபெயர்ப்பில் 2023 என்றுதான் இருக்க வேண்டும். நாளும் மாதமும் மாறாது.

எனக்கு அதைவிட உங்கள் பெயர்தான் கவலை. தமிழ்ப் பெயர் தாய்லாந்து எழுத்துக்குப் போய்த் திரும்பும்போது ‘முருகன்’ ‘முருக்கான்’ ஆகிவிடலாம். இருவரின் பாஸ்போர்ட்டையும் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, அதிலுள்ள எழுத்துகளையே போடச் சொல்லுங்கள்.

அப்புறம் பதிவு எண். நடுவில் சாய்கோடு இருந்தால் இரு பக்க எண்களும் வேண்டும். படத்தில் முத்திரை மேலே விழுந்து ஓர் இலக்கம் மங்கியிருந்தால் ஊகிக்காதீர்கள், அசலைப் பாருங்கள். கையெழுத்துக்குக் கீழே ‘பதிவாளர்’ என்ற பதவியும் விடுபடக்கூடாது.

ஒன்று: நீங்களே செய்த மொழிபெயர்ப்பை அப்படியே சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையமான ஐசிஏவுக்குக் கொடுக்க முடியாது. தாய்லாந்துத் தூதரகமோ நோட்டரியோ சான்றளிக்க வேண்டும்.