எழுத்து, ஸ்டிக்கர் நீக்கி மறுபடி எடுக்க

கேள்வி: முறுக்கு விற்பனைக்காகக் கேப்கட்டில் 40 விநாடி காணொளி செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தீபாவளி முடிந்துவிட்டது. ‘ஒரு டப்பா 12 வெள்ளி’ என்ற எழுத்தையும் விளக்கு ஸ்டிக்கர்களையும் எடுத்துவிட்டு மறுபடி அனுப்ப வேண்டும். எப்படி?

பதில்: கேலரியில் இருக்கும் காணொளியைத் திறந்து பயனில்லை. அதில் எழுத்து படத்தோடு படமாக ஒட்டிப்போயிருக்கும். செயலிக்குள் Projects பட்டியலில் கிடக்கும் பழைய வேலையைத்தான் திறக்க வேண்டும். அங்கேதான் ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்காக இருக்கிறது. திறக்குமுன் அதன் அருகிலுள்ள மூன்று புள்ளியைத் தட்டி Duplicate கொடுத்து, நகலில் கை வையுங்கள். அடுத்த தீபாவளிக்கு விலையை மட்டும் மாற்ற மூலம் அப்படியே இருக்கும்.

திறந்ததும் அடுக்குகள் கண்ணில் படாது. காணொளிப் பட்டையை ஒட்டி மெல்லிய கோடுகளாகச் சுருங்கிக் கிடக்கும். கீழே Text தட்டினால் அவை பட்டைகளாக விரியும். ஒரு பட்டையைத் தொட்டு Delete அழுத்துங்கள். திரையில் தெரியும் எழுத்தையே தொட்டும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரே இடத்தில் இரண்டு விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் மேலிருப்பதுதான் சிக்கும். ஒன்றை நீக்கிய பிறகும் விளக்கு தெரிகிறதே என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். பட்டைகளைப் பார்த்து நீக்குவதே நம்பகமானது. கேலரியிலிருந்து எடுத்து ஒட்டிய விளக்குப் படம் என்றால் அது Overlay பகுதியில் இருக்கலாம், அங்கேயும் பாருங்கள்.

விலையைக் குரலில் வாசிக்க வைத்திருந்தீர்களா? எழுத்து போனாலும் குரல் போகாது. அது Audio தடத்தில் தனித்துண்டாக நிற்கும். எழுத்தே இல்லாத படத்தில் ‘பன்னிரண்டு வெள்ளி’ என்று கேட்டால் விலை கேட்டு ஆள் வரத்தான் செய்யும். அதையும் தொட்டு நீக்குங்கள்.

இனி காலக்கோட்டின் கடைசிக்குப் போங்கள். காணொளி 40-ஆம் விநாடியில் முடிய, ஏதோ ஒரு ஸ்டிக்கர் 43 வரை நீண்டிருக்கலாம். அதை விட்டுவைத்தால் கடைசி 3 விநாடி கறுப்புத் திரையில் விளக்கு மட்டும் எரியும். மொத்த நேரம் 40-க்கு மேல் காட்டினால் எதோ நீண்டிருக்கிறது என்று அர்த்தம். இசைத்துண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

முதலிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு மேலே வலப்பக்கம் Export. புதிய காணொளி பழையதை அழிக்காது, கேலரியில் தனிக் கோப்பாகச் சேரும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் என்பதால் அனுப்புமுன் விலை வந்த விநாடியில் நிறுத்திப் பாருங்கள்.