அப்பா அனுப்பிய போர்டு போட்டோ

"ஊத்துக்கோட்டை போகக் கிளம்பிய அப்பா, மாதவரம் பஸ் ஸ்டாண்ட் டைம் போர்டை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். ஒரு வார்த்தை இல்லை. என்ன பதில் போட?"

போர்டு எழுத்து அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது, பாவம். அடுத்த பஸ் எப்போது என்றுதான் கேட்கிறார். போட்டோ 4.20-க்கு வந்தது என்றால், அதற்குப் பிந்தைய முதல் இரண்டு நேரங்களை மட்டும் அனுப்புங்கள். முதல் பஸ் நிரம்பி வழிந்தால் அடுத்ததற்கு நிற்கலாமா என்று அவரே முடிவு செய்துகொள்வார். போர்டில் 16.40 என்றிருந்தால் மாலை 4.40 என்றே எழுதுங்கள்.

ஊத்துக்கோட்டை என்ற பெயரை, பஸ் போய்ச்சேரும் ஊர் எழுதிய இடத்தில் மட்டும் தேடாதீர்கள். திருப்பதி வரிசையில் 'வழி' என்ற இடத்திலும் அது இருக்கலாம். அப்படியென்றால், அங்கே நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறச் சொல்லுங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் ஊகிக்க வேண்டாம், அந்த வரியை மட்டும் கிட்டே போய் எடுக்கச் சொல்லுங்கள்.