மினிமம் டியூ மட்டும் கட்டினால் கடன் எப்போது தீரும்?

கேள்வி: அப்பாவின் அறுவை சிகிச்சைக்காகக் கடன் அட்டையில் 80,000 ரூபாய் செலவழித்தேன். அதன் பிறகு அந்த அட்டையை எதற்கும் பயன்படுத்தவில்லை. பில்லில் வரும் மினிமம் டியூவை 14 மாதங்களாக ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கட்டி வருகிறேன். இதுவரை 52,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. ஆனாலும் இந்த மாத பில்லில் பாக்கி 68,750 ரூபாய் என்று இருக்கிறது. வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். வங்கி கணக்கில் தவறு செய்கிறதா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வங்கியின் கணக்கில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. உங்கள் முதல் பில்லை மட்டும் எடுத்துப் போட்டுப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். நம் நாட்டில் பெரும்பாலான வங்கிகள் பாக்கியில் 5 சதவீதத்தை மினிமம் டியூவாக வைக்கின்றன. 80,000 ரூபாய்க்கு அது 4,000 ரூபாய். அதைக் கட்டிய பின் மீதி 76,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 2,660 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 479 ரூபாய். ஆக அடுத்த பில் 79,139 ரூபாய் என்று வருகிறது. நீங்கள் கட்டிய 4,000 ரூபாயில் கடனைக் குறைத்தது வெறும் 861 ரூபாய்தான். மற்றதெல்லாம் வட்டிக்கும் வரிக்கும் போய்விட்டது. (வங்கிகள் வட்டியை நாள் கணக்கில் போடுவதாலும், சில வங்கிகள் ஜிஎஸ்டியை முழுமையாக மினிமம் டியூவில் சேர்த்துவிடுவதாலும் உங்கள் பில்லில் சிறு வேறுபாடு இருக்கலாம்; போக்கு மாறாது.)

இதை நூறு ரூபாய்க் கணக்காகச் சொன்னால், ஒவ்வொரு மாதமும் 5 ரூபாய் கட்டுகிறீர்கள், மீதி 95 ரூபாயின் மேல் 3 ரூபாய் 92 காசு ஏறிவிடுகிறது, கடன் 98 ரூபாய் 92 காசுக்கு வந்து நிற்கிறது. மாதத்துக்கு ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டிய இந்தக் குறைவு 14 மாதங்கள் தொடர்ந்தால், 80,000 ரூபாய் ஏறத்தாழ 68,750 ரூபாயாகத்தான் ஆகும். உங்கள் பில் சொல்வதும் அதைத்தான்.

ஆனால் வட்டி விகிதத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. கடன் குறையக் குறைய மினிமம் டியூவும் குறைந்துகொண்டே வருகிறது. முதல் மாதம் 4,000 ரூபாய் கட்டிய நீங்கள் இந்த மாதம் 3,437 ரூபாய்தான் கட்ட வேண்டியிருக்கும். கையில் கொஞ்சம் மிச்சமாகிறதே என்று தோன்றும். உண்மையில் கடனைத் தள்ளும் கை ஒவ்வொரு மாதமும் வலுவிழக்கிறது. இதே வழியில் போனால் இப்போதைய பாக்கி பாதியாகக் குறையவே 5 ஆண்டுகள் 4 மாதங்கள் ஆகும். மினிமம் டியூ ஒரு கட்டத்துக்குக் கீழே, பெரும்பாலும் 200 ரூபாய்க்குக் கீழே, போவதில்லை என்பதால்தான் கடன் என்றாவது ஒருநாள் தீரவே செய்கிறது. அந்த நாள் இன்றிலிருந்து ஏறத்தாழ 25 ஆண்டுகள் தள்ளி இருக்கிறது. அதற்குள் நீங்கள் இன்னும் 3 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பீர்கள்.

இந்த எச்சரிக்கை உங்கள் பில்லிலேயே இருக்கிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீளும், வட்டிக்கு வட்டி சேரும் என்று ஒவ்வொரு பில்லிலும் அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட விதிகளில் உள்ளது. மினிமம் டியூவை ஒழுங்காகக் கட்டியும் கடன் வளர்ந்துகொண்டே போகும்படி அத்தொகையை நிர்ணயிக்கக் கூடாது என்றும் அதே விதிகள் கூறுகின்றன. வளரக் கூடாது என்பதுதான் விதி. வேகமாகக் குறைய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அட்டை வட்டிக்கு ஆண்டுக்கு 30 சதவீத உச்சவரம்பு விதித்து நுகர்வோர் தேசிய ஆணையம் 2008இல் அளித்த தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து உதவி வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குப் புதிதாகப் பணம் தேடவும் வேண்டாம். இந்த மாதம் கட்டும் 3,437 ரூபாயை இனி ஒரு மாதமும் குறைக்காதீர்கள். அடுத்த பில்லில் மினிமம் டியூ 3,400 என்று வந்தாலும், பிறகு 3,000 என்று வந்தாலும், நீங்கள் 3,437 ரூபாயையே கட்டுங்கள். கடன் 39 மாதங்களில் தீர்ந்துவிடும். மொத்தம் கட்டியிருப்பது சுமார் 1,34,000 ரூபாய். முதல் மாதத்தைப் போல 4,000 ரூபாயாக வைத்துக்கொண்டால் 29 மாதங்கள் போதும். 5,000 ரூபாய் முடியுமானால் 20 மாதங்கள். ஆட்டோ டெபிட்டில் பொதுவாக மினிமம் டியூ அல்லது முழுத் தொகை என்ற இரண்டு தேர்வுகளே இருப்பதால், இந்த நிலையான தொகையை நீங்களேதான் கட்ட வேண்டியிருக்கும். கடைசித் தேதி வரை காத்திராமல் சம்பளம் வந்த அன்றே கட்டுங்கள். வட்டி நாள் கணக்கில் ஏறுகிறது அல்லவா?

அடுத்து, கடனை இடம் மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஆண்டுக்கு 16 சதவீத வட்டியில் 24 மாதத் தனிநபர் கடன் கிடைத்தால் மாதத் தவணை 3,366 ரூபாய்தான். இப்போது நீங்கள் கட்டும் மினிமம் டியூவைவிடக் குறைவு. மொத்தம் சுமார் 81,000 ரூபாயும் பரிசீலனைக் கட்டணமும் ஆகும். கடன் அட்டை வட்டியைப் போலத் தனிநபர் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பது கூடுதல் லாபம். அட்டை பாக்கியையே தவணையாக மாற்றித் தருகிறோம் என்று வங்கி அழைத்தால், அந்தத் தவணையின் வட்டிக்கு ஜிஎஸ்டி உண்டு என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டுவிட்டு முடிவெடுங்கள். வீட்டில் நகை இருந்தால் நகைக்கடன் இதைவிடவும் மலிவாக இருக்கக்கூடும். திருப்ப முடியும் என்ற உறுதி இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

அட்டையை வேறு எதற்கும் பயன்படுத்தவில்லை என்பது மிகவும் நல்லது. முந்தைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மேலும், உங்கள் கடன் மாதம் 740 ரூபாய் அளவில்தான் இறங்குகிறது. இரண்டு முறை வண்டிக்குப் பெட்ரோல் போட்டு அட்டையைத் தேய்த்தால் அந்த மாதத்தின் முழு முயற்சியும் காணாமல் போய்விடும்.

மினிமம் டியூ வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையில் பணமே இல்லாத ஒரு மாதத்தில் அதையாவது கட்டிவிடுவது தாமதக் கட்டணத்தைத் தவிர்க்கும், சிபில் அறிக்கையில் தவணை தவறியதாகப் பதிவாகாமல் காக்கும். இதுவரை நீங்கள் ஒழுங்காகக் கட்டி வந்ததால்தான் தனிநபர் கடன் கேட்கும் நிலையிலாவது இருக்கிறீர்கள்.

கடைசி பில்லின் முழுத் தொகையைக் கட்டிய பிறகும், மறு மாதம் ஒரு சிறு தொகை வட்டியாக வரக்கூடும். பில் போட்ட நாளுக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாட்களுக்கான வட்டி அது. கடன் தீர்ந்துவிட்டது என்று அந்த பில்லைப் பிரிக்காமல் விட்டுவிடாதீர்கள். அதையும் கட்டி, பாக்கி பூஜ்யம் என்று வந்த பில்லைக் கண்ணால் பார்த்த பிறகு, அட்டையை வைத்துக்கொள்வதா மூடுவதா என்று யோசிக்கலாம்.